கிளாம்ப்ல ரெண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே ஆம்ப்ஸ், ஆனா ஒரு தடவை மோட்டார் வெந்துச்சு: நேம்பிளேட் படிக்காம வயர் பண்ண ஒரு கேஸ்

கன்வேயர் ஒண்ணு, கியர்பாக்ஸ் வழியா ஓடுறது, 4 கிலோவாட் மோட்டார், சாதா டிஓஎல் ஸ்டார்ட்டர். பழைய மோட்டார் பேரிங் போய் ரோட்டார் உரசி காயில் போயிடுச்சு. அதே 4 கிலோவாட், அதே ஃப்ரேம் சைஸ், அதே 4 போல்ல புதுசு வந்துச்சு, மாட்டினாங்க, ஓடுச்சு. கொஞ்ச நேரத்துலயே பாடியில கை வைக்க முடியாத சூடு, வார்னிஷ் வாசனை. ஓவர்லோட் ரிலே டிரிப்பே ஆகல. யாரோ பயந்து பெல்ட் நிறைய மால் இருக்கும்போதே ஆஃப் பண்ணிட்டாங்க, திரும்ப ஆன் பண்ணா உர்ருன்னு ஒரு சத்தம் மட்டும் வருது, ஷாஃப்ட் நகரல, கொஞ்ச நேரத்துல ரிலே டிரிப். அப்பதான் எனக்கு போன்.

நான் போனதும் மாட்டின பையன் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, கனெக்‌ஷன் தப்பே இல்ல, பழைய மோட்டார் பாக்ஸை கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சு அதைப் பாத்து அப்படியே போட்டிருக்கேன்." போட்டோவையும் காட்டினான். உண்மைதான், லிங்க் பிளேட் ரெண்டும் அச்சு அசல் அதே மாதிரி. கோளாறே அங்கதான் ஆரம்பிக்குது, ஆனா அவன்கிட்ட அப்ப சொல்லல, முதல்ல ரெண்டு மோட்டாரோட பிளேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கலாம்னு உக்காந்தோம்.

பழசுல பெயிண்டை சுரண்டி எடுத்தப்போ தெரிஞ்சது இது:

```
3~ MOT   4 kW   50 Hz
230/400 V  Δ/Y   15.1/8.7 A
cos φ 0.79   1420 rpm
```

புதுசுல இருந்தது இது:

```
3~ MOT   4 kW   50 Hz   IE3 88.6 %
400/690 V  Δ/Y   8.05/4.65 A
cos φ 0.81   1440 rpm
S1   IP55   Th.Cl. 155(F)
```

கிலோவாட் ஒண்ணு, போல் ஒண்ணு, ரெண்டுலயும் டெல்டா ஸ்டார் சிம்பல் இருக்கு, ரெண்டுலயும் 400ங்கிற நம்பரும் இருக்கு. மேலோட்டமா பாத்தா ரெண்டும் ஒண்ணுன்னுதான் தோணும். ஆனா பழசுல 400 வலது பக்கம் இருக்கு, புதுசுல இடது பக்கம் இருக்கு. இந்த கேஸோட முழு கதையும் அந்த ஒரு இடமாற்றம்தான்.

பிளேட்ல சாய்கோடு போட்டு ரெண்டு வோல்டேஜ் எழுதியிருந்தா அது ஏதோ ரேஞ்ச்னு சிலபேர் நினைச்சுக்கிறாங்க, அதாவது 400லருந்து 690 வரைக்கும் எது குடுத்தாலும் ஓடும்னு. அப்படி இல்ல. உள்ள இருக்கிறது மூணு காயில், ஒவ்வொரு காயிலும் தாங்குறது ஒரே ஒரு வோல்டேஜ்தான், அந்த ஜோடியில சின்ன நம்பர் எதுவோ அதுதான் காயிலோட வோல்டேஜ். டெல்டா போட்டா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல நேரா ஒரு காயில் உக்காருது, அதனால லைன் வோல்டேஜ் முழுசா காயிலுக்கு போகுது. ஸ்டார் போட்டா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல ரெண்டு காயில் சீரிஸ்ல வருது, ஒவ்வொண்ணுக்கும் லைன் வோல்டேஜை 1.732ஆல வகுத்தா வர்றதுதான் கிடைக்கும். 230ஐ 1.732ஆல பெருக்குங்க, 400 கிட்ட வரும், 400ஐ பெருக்குங்க, 690 கிட்ட வரும், பிளேட்ல ரெண்டு நம்பர் வந்ததே அப்படித்தான்.

இப்ப பழைய மோட்டாரோட காயில் 230 வோல்ட் காயில். சப்ளை 400. அதனால ஸ்டார் போட்டாதான் காயிலுக்கு 230 போகும், சரியாத்தான் போட்டு வச்சிருந்தாங்க. புது மோட்டாரோட காயில் 400 வோல்ட் காயில், சப்ளை அதே 400, டெல்டா போட்டாதான் காயிலுக்கு வேண்டிய 400 கிடைக்கும். பையன் போட்டோவை பாத்து ஸ்டார் போட்டுட்டான், 400 கேக்குற காயிலுக்கு 231 வோல்ட் தான் போயிட்டு இருந்துச்சு.

சரி, கம்மி வோல்டேஜ்னா மோட்டார் சும்மா மெதுவா ஓடிட்டு போகட்டுமே, ஏன் சூடாகணும், அப்படி சூடானா ரிலே ஏன் பாத்துட்டு சும்மா இருக்கணும்னு அவன் கேட்டான். நியாயமான கேள்வி.

இண்டக்‌ஷன் மோட்டாரோட டார்க் வோல்டேஜோட வர்க்கத்துக்கு தக்கபடி போகும். காயில் வோல்டேஜ் 1.732 பங்கு குறைஞ்சா டார்க் மூணுல ஒரு பங்காயிடும். இந்த சைஸ் மோட்டார்ல பிரேக்டவுன் டார்க், அதாவது அதுக்கு மேல லோடு குடுத்தா அப்படியே நின்னுடுற எல்லை, ஃபுல் லோடு டார்க்கை மாதிரி சுமார் மூணு மடங்கு இருக்கும். மூணுல ஒண்ணுன்னா, எல்லையே ஃபுல் லோடு டார்க் கிட்ட வந்து நிக்குது, கையில மிச்சம்னு ஒண்ணுமே இல்ல. ஸ்டார்ட்டிங் டார்க் இன்னும் மோசம், ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல இருக்க வேண்டியது ஒரு மடங்கு கூட இல்லாம முக்கால் கிட்ட போயிடுது. காலி பெல்ட்டை இழுத்துடுச்சு, மால் ஏத்தினதுக்கப்புறம் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணா அசையலன்னா காரணம் இதுதான், மெக்கானிக்கலா ஜாம்லாம் ஒண்ணும் இல்ல.

ஓடிட்டு இருக்கும்போது என்ன நடக்குதுன்னா, கன்வேயருக்கு வேண்டிய டார்க் வேண்டியதுதான், வோல்டேஜ் கம்மியா இருக்குன்னு அது விட்டுக்குடுக்காது. அந்த டார்க்கை குடுக்க ரோட்டார் இன்னும் பின்தங்கணும், ஸ்லிப் ஏறணும், ஸ்லிப் ஏறினா காயில்ல கரண்ட் ஏறணும். இந்த பெல்ட்டுக்கு வேண்டியது ஃபுல் லோடு டார்க்ல சுமார் 80 சதவீதம். அதுக்கு சரியான கனெக்‌ஷன்ல 1450 கிட்ட ஓட வேண்டிய மோட்டார் 1325 ஆர்பிஎம்ல ஓடிட்டு இருந்துச்சு. இந்த நம்பர் எப்படி கிடைச்சதுன்னா, பெல்ட்டை காலி பண்ணி ஸ்டார்ட் பண்ணி, மால் ஏத்தி, ஒரு ரெண்டு நிமிஷம் மட்டும் ஓட்டி டாக்கோமீட்டர் பிடிச்சேன். தெரிஞ்சே தப்பு கனெக்‌ஷன்ல ஓட்டினது சரியான்னு கேட்டா, மோட்டார் நல்லா ஆறினதுக்கப்புறம், அளவுக்காக அந்த ரெண்டு நிமிஷம்னுதான் சொல்லுவேன், எல்லாரும் செய்யணும்னு இல்ல. அங்க இருந்த ஆபரேட்டர் அன்னிக்கு காலையிலயே "பெல்ட் கொஞ்சம் சோம்பேறியா ஓடுதே"ன்னு சொல்லியிருக்காரு, யாரும் காதுல போட்டுக்கல. அவர் கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு, 9 சதவீதம் கிட்ட ஸ்பீடு குறைஞ்சிருந்துச்சு.

அந்த ரெண்டு நிமிஷத்துல கிளாம்ப் மீட்டர் போட்டேன். லைன் கரண்ட் 6.7 ஆம்ப்ஸ், மூணு ஃபேஸும் சமம். பையன் முகம் மலர்ந்துடுச்சு, "பாருங்கண்ணே, பிளேட்ல 8.05 இருக்கு, 6.7தான் இழுக்குது, அப்புறம் எப்படி ஓவர்லோடு?" பிளேட்ல ஆம்பியர் வரியை பாதி மட்டும் படிச்சா இப்படித்தான் ஏமாறணும்.

வோல்டேஜ், சிம்பல், ஆம்பியர் மூணும் ஒரே வரிசையில படிக்கணும், இடதுக்கு இடது, வலதுக்கு வலது. 400 வோல்ட், டெல்டா, 8.05 ஆம்ப்ஸ். 690 வோல்ட், ஸ்டார், 4.65 ஆம்ப்ஸ். இந்த மோட்டாரை ஸ்டார்ல போட்டிருந்தா இதுக்கான ஃபுல் லோடு கரண்ட் 8.05 கிடையவே கிடையாது, 4.65தான். ஏன்னா ஸ்டார்ல லைன்ல என்ன கரண்ட் வருதோ அது முழுசும் ஒரே காயில் வழியாத்தான் போகுது, பிரிஞ்சு போக வழி இல்ல. டெல்டாவுல லைன்ல 8.05 வந்தா அது ரெண்டு காயிலுக்கு பிரிஞ்சு போகுது, ஒரு காயில்ல போறது 8.05ஐ 1.732ஆல வகுத்தது, அதுவும் 4.65தான். ஆக காயில் கம்பி தாங்குறது எந்த கனெக்‌ஷன்லயும் 4.65 ஆம்ப்ஸ்தான், அதுல 6.7 ஓடிட்டு இருந்துச்சு, 44 சதவீதம் அதிகம். சூடு கரண்டோட வர்க்கம், 1.44ஐ 1.44ஆல பெருக்கினா ரெண்டுக்கு மேல வருது. காயில்ல இரு மடங்கு சூடு, அதுவும் ஸ்பீடு குறைஞ்சதால பின்னாடி ஃபேனும் கொஞ்சம் சோம்பலா சுத்துது.

ரிலே ஏன் பேசாம இருந்துச்சுன்னா, அது பழைய மோட்டாருக்கு வச்ச 8.7லயே இருந்துச்சு. மோட்டாருக்குள்ள காயில் எப்படி கட்டியிருக்குன்னு ரிலேக்கு தெரியாது, லைன்ல என்ன வருதுன்னுதான் தெரியும். 8.7 வரைக்கும் பரவாயில்லன்னு சொல்லி வச்சிருக்கோம், வர்றது 6.7, அது பாட்டுக்கு நிம்மதியா இருந்துச்சு. ஒருவேளை ரிலேயை புது பிளேட் பாத்து 8.05ன்னு மாத்தியிருந்தாலும் இதே கதைதான், கனெக்‌ஷன் தப்பா இருக்கிற வரைக்கும் அதுவும் காப்பாத்தாது. 4.65க்கு வச்சிருந்தா சில நிமிஷத்துல டிரிப் ஆகியிருக்கும். கடைசியில மால் ஏறின பெல்ட்ல ஸ்டார்ட் ஆகாம நின்னப்போ 19 ஆம்ப்ஸ் கிட்ட இழுத்திருக்கும், செட்டிங்கை விட ரெண்டு மடங்குக்கு மேல, அப்பதான் டிரிப் ஆச்சு. ஒரு விதத்துல அது ஸ்டார்ட் ஆகாததே அதிர்ஷ்டம்.

இன்னொரு பொறி, மாட்டின அன்னிக்கே பையன் கப்ளிங்கை கழட்டி நோ லோட்ல ஓட்டிப் பாத்திருக்கான், நல்ல பழக்கம்தான். 1.2 ஆம்ப்ஸ் இழுத்திருக்கு. பழைய மோட்டார் நோ லோட்லயே 4க்கு மேல இழுக்கும்னு அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கு, "புதுசு ஐஇ3, எஃபிசியன்சி ஜாஸ்தி, அதான் இவ்ளோ கம்மி"ன்னு சந்தோஷப்பட்டிருக்கான். எஃபிசியன்சி ஏறினா நோ லோடு கரண்ட் இப்படி விழாது. இந்த சைஸ் 4 போல் மோட்டார்ல நோ லோடு கரண்ட் ஃபுல் லோடு கரண்டுல ஏறக்குறைய பாதி இருக்கும், அது முக்காவாசி மேக்னடைசிங் கரண்ட், இரும்புல ஃபீல்டு உண்டாக்க போறது. 8.05க்கு 4 ஆம்ப்ஸ் எதிர்பார்க்கணும். 1.2ன்னா அது மூணுல ஒண்ணுக்கும் கீழ, டெல்டாவுல ஓட வேண்டியது ஸ்டார்ல ஓடுதுன்னு அந்த நம்பரே கத்தி சொல்லியிருக்கு. நோ லோட்ல ஆர்பிஎம் பாத்திருந்தா கண்டுபிடிக்க முடியாது, ரெண்டு கனெக்‌ஷன்லயும் 1490க்கு மேலதான் ஓடும். ஆம்ப்ஸ்தான் காட்டிக்குடுக்கும், அதுவும் கூடுதலா இல்லாம குறைச்சலா இருந்து காட்டிக்குடுக்கும், அதனால ஜனங்க சந்தேகமே படுறதில்ல.

சரி, ஐசோலேட்டரை ஆஃப் பண்ணி பூட்டு போட்டு, டெர்மினல்ல வோல்டேஜ் இல்லன்னு டெஸ்ட் பண்ணிட்டு பாக்ஸை திறந்தோம். கீழ வரிசையில U1 V1 W1, மேல வரிசையில W2 U2 V2. மேல வரிசை ஏன் U2லருந்து ஆரம்பிக்காம இப்படி தள்ளி வச்சிருக்காங்கன்னு பலபேர் யோசிக்கிறதே இல்ல. லிங்கை செங்குத்தா போட்டா U1 W2வோட, V1 U2வோட, W1 V2வோட சேரும், அதுவே டெல்டா ஆயிடும், அதுக்காகத்தான். மேல இருக்கிற மூணையும் படுக்கையா சேத்தா ஸ்டார். பையன் படுக்கையா போட்டிருந்தான். பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ரெண்டு படமும் ஒட்டியிருந்துச்சு, ஆனா அந்த படம் எது ஸ்டார் எது டெல்டான்னு சொல்லுமே ஒழிய நம்ம சப்ளைக்கு எது வேணும்னு சொல்லாது, அதுக்கு வெளிய பிளேட்டுக்குத்தான் வரணும்.

லிங்க் மாத்துறதுக்கு முன்னாடி காயில் பிழைச்சிருக்கான்னு பாக்கணும்ல. நான் வந்து சேர்ந்ததும் முதல் வேலையா, இன்னும் சூடா இருக்கும்போதே, சப்ளையை பிரிச்சுட்டு U1க்கும் U2க்கும் ரெசிஸ்டன்ஸ் எடுத்து வச்சிருந்தேன், 4.75 ஓம். மத்த ரெண்டு காயிலும் அதே அளவுக்குள்ளதான். மறுநாள் காலையில நல்லா ஆறினதுக்கப்புறம், 30 டிகிரியில, திரும்ப எடுத்தா 3.40 ஓம். காப்பர் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறுறதுக்கு ஒரு கணக்கு இருக்கு:

```
T = (4.75 / 3.40) × (234.5 + 30) − 234.5 ≈ 135 °C
```

காயிலோட சராசரி 135 டிகிரி வந்திருக்கு, அதுவும் ஆஃப் பண்ணி நான் வந்து சேர்ற வரைக்கும் ஆறினது போக. பிளேட்ல கடைசி வரியில இருக்கிற 155(F)ங்கிறது இன்சுலேஷன் கிளாஸ், காயில்ல ரொம்ப சூடான இடத்துல 155 டிகிரி வரைக்கும்னு அர்த்தம். சராசரியை விட அந்த இடம் சில டிகிரி மேலதான் இருக்கும், அதனால எல்லையை தொட்டுட்டு வந்திருக்குன்னு வச்சுக்கலாம். இன்னும் அரை மணி நேரம் ஓடியிருந்தா நம்பிக்கையா மாட்டியிருக்க மாட்டேன். 500 வோல்ட் மெகர்ல ஒரு நிமிஷம் வச்சுப் பாத்தேன், பாடிக்கு 180 மெகா ஓம், மூணு காயிலும் சமமா இருக்கு, வார்னிஷ் கருகின நிறம் இல்ல. அதே மோட்டாரையே போட்டுடலாம்னு முடிவு பண்ணினேன், ஆயுள்ல கொஞ்சம் போயிருக்கும், அது போனது போனதுதான்.

லிங்கை செங்குத்தா மாத்தி, ரிலேயை 8.05க்கு வச்சு, ரொட்டேஷன் பாத்து ஓட்டினோம். நோ லோட்ல 4.0 ஆம்ப்ஸ். மால் நிறைய இருக்கிற பெல்ட்லயே ஸ்டார்ட் குடுத்தேன், இழுத்துட்டு போச்சு. அதே 80 சதவீத லோடு, 1453 ஆர்பிஎம். கிளாம்ப்ல எவ்வளவு தெரியுமா? 6.8 ஆம்ப்ஸ்.

பையன் மீட்டரை ரெண்டு தடவை தட்டிப் பாத்தான். தப்பு கனெக்‌ஷன்ல 6.7, சரியான கனெக்‌ஷன்ல 6.8, வித்தியாசமே இல்ல. ஆனா இப்ப காயில் உள்ள போறது 6.8ஐ 1.732ஆல வகுத்த 3.9 ஆம்ப்ஸ்தான், 4.65க்கு நல்லா கீழ. வெளிய ஒரே நம்பர், உள்ள ஒண்ணு வேகுது இன்னொண்ணு சுகமா இருக்கு. கிளாம்ப் மட்டும் வச்சுக்கிட்டு பிளேட்டை படிக்காம யாராலயும் இதை பிரிச்சு சொல்ல முடியாது.

பவர் ஃபேக்டர் பத்தி இங்கதான் சொல்லணும், ஏன்னா அதுலயும் ஒரு கேலிக்கூத்து நடந்துச்சு. பவர் மீட்டர் ரெண்டு தடவையும் போட்டிருந்தேன். ஸ்டார்ல ஓடினப்போ பவர் ஃபேக்டர் 0.83, இன்புட் 3.85 கிலோவாட். டெல்டாவுல 0.77, இன்புட் 3.63 கிலோவாட். தப்பா ஓடினதுக்குத்தான் பவர் ஃபேக்டர் நல்லா இருக்கு! காரணம், கம்மி வோல்டேஜ்ல மேக்னடைசிங் கரண்ட் ரொம்ப விழுந்துடுது, மிச்சம் இருக்கிற கரண்ட்ல பெரும்பாலும் லோடு கரண்ட். ஆனா கிலோவாட்டை பாருங்க, பெல்ட் மெதுவா ஓடுறப்போ அதிகம் தின்னுருக்கு, வேகமா ஓடுறப்போ கம்மியா தின்னுது, அந்த வித்தியாசமும் போக இன்னும் கொஞ்சமும் சேர்ந்துதான் காயில்லயும் ரோட்டார்லயும் சூடா போயிருக்கு.

பிளேட்ல இருக்கிற 0.81ங்கிறது ஃபுல் லோட்ல மட்டும் வர்ற நம்பர். லோடு குறைய குறைய அதுவும் குறையும், நோ லோட்ல 0.1, 0.2ன்னு போயிடும், ஏன்னா மேக்னடைசிங் கரண்ட் லோடு இருந்தாலும் இல்லாட்டியும் அப்படியே இருக்கு. அதனால பாதி லோட்ல கரண்டும் பாதியாகும்னு எதிர்பார்க்காதீங்க, ஆகாது. வயரிங்குக்கு முன்னாடி இந்த 0.81 எனக்கு உதவுறது பிளேட் சரியா படிச்சிருக்கேனான்னு ஒரு செக் பண்ண:

```
1.732 × 400 × 8.05 × 0.81 ≈ 4517 W
4000 / 4517 ≈ 0.886
```

பிளேட்ல இருக்கிற 4 கிலோவாட் ஷாஃப்ட்ல வெளிய வர்ற பவர், உள்ள எடுக்கிறது இல்ல. உள்ள எடுக்கிறது 4517 வாட், வகுத்தா 88.6 சதவீதம், பிளேட்ல போட்டிருக்கிற எஃபிசியன்சியும் அதே. கணக்கு பொருந்திச்சுன்னா வோல்டேஜும் ஆம்பியரும் சரியான ஜோடியா எடுத்திருக்கேன்னு அர்த்தம். 400ஐயும் 4.65ஐயும் தப்பா சேத்தா 2600 வாட் கிட்ட வரும், 2600 வாங்கி 4000 குடுக்கிற மோட்டார் எந்த உலகத்துலயும் கிடையாது, அப்பவே தப்பு தெரிஞ்சிடும். பழைய மோட்டாருக்கு எஃபிசியன்சி பிளேட்லயே இல்ல, ஆனா இதே கணக்கு போட்டா 84 சதவீதம் வருது, நம்புற மாதிரி நம்பர். 100க்கு மேல வந்தாலோ 60க்கு கீழ வந்தாலோ அந்த சைஸ்ல ஏதோ வரி மாத்தி படிச்சிருக்கீங்க.

வரி மாத்தி படிக்கிறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, இப்ப வர்ற பல பிளேட்ல ஒரு வரி இல்ல, நாலு அஞ்சு வரி இருக்கு. 50 ஹெர்ட்ஸுக்கு 380, 400, 415ன்னு தனித்தனி வரி, அப்புறம் 60 ஹெர்ட்ஸுக்கு 460ன்னு ஒரு வரி, அதுல ஆர்பிஎம் 1740 கிட்ட இருக்கும். உங்க சப்ளையை மீட்டர்ல அளந்துட்டு அதுக்கு கிட்ட இருக்கிற ஒரே ஒரு வரியை விரல் வச்சு கடைசி வரைக்கும் படிங்க, வோல்டேஜ் ஒரு வரியிலயும் ஆம்பியர் இன்னொரு வரியிலயும் எடுத்தா ரிலே செட்டிங் தப்பாப் போகும். அப்புறம் ஜோடியோட விகிதத்தையும் ஒரு தடவை பாருங்க. 230/400, 400/690 இதெல்லாம் 1.732 விகிதம், ஸ்டார் டெல்டா கதை பொருந்தும். 230/460ன்னு நேரா ரெண்டு மடங்கா இருந்தா அது வேற ஜாதி, ஒவ்வொரு ஃபேஸ் காயிலும் ரெண்டு பாதியா இருக்கும், பாதிகளை பேரலலா சீரிஸான்னு மாத்துறது, பெரும்பாலும் 9 வயர் வெளிய வரும். அதுல நான் மேல சொன்ன லிங்க் வேலையெல்லாம் செல்லாது, அந்த மோட்டாரோட படத்தைத்தான் பாக்கணும்.

இதுக்கு நேர் எதிரான தப்பு, 230/400 மோட்டாரை 400 சப்ளையில டெல்டா போடுறது, இன்னும் ஆபத்து ஆனா ஒளிஞ்சுக்காது. 230 வோல்ட் காயில்ல 400 போகும், இரும்பு சாச்சுரேட் ஆயிடும், நோ லோட்லயே பிளேட் கரண்டை தாண்டி எகிறும், கர்ர்னு ஒரு உறுமல் வரும். ரிலே சரியா வச்சிருந்தா டிரிப் ஆகும், இல்லாட்டி நிமிஷக்கணக்குல காயில் போகும். அதே காரணத்தால இந்த வகை மோட்டாருக்கு 400 சப்ளையில ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போடவே முடியாது, ஸ்டார்ல நல்லா ஸ்டார்ட் ஆகி டெல்டாவுக்கு மாறின அந்த நொடியில கொன்னுடும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வேணும்னா பிளேட்ல டெல்டா பக்கத்துல உங்க லைன் வோல்டேஜ் இருக்கணும், அதாவது 400/690.

வேலை முடிஞ்சு கிளம்பும்போது பையன் ஸ்டோர் ரேக்கை காட்டினான், அங்க ரீவைண்ட் பண்ணி வச்ச ஸ்பேர் மோட்டார் ஒண்ணு, 4 கிலோவாட், பழைய வகை, 230/400. இப்ப ஓடிட்டு இருக்கிறது டெல்டாவுல. நாளைக்கு இது நின்னு, அவசரத்துல யாராவது பாக்ஸை போட்டோ எடுத்து அதே மாதிரி அந்த ஸ்பேர்ல போட்டாங்கன்னா, மேல சொன்ன எதிர் தப்பு அப்படியே நடக்கும். அவனே மார்க்கர் எடுத்து ஸ்பேரோட பாக்ஸ் மூடியில "காயில் 230, 400 சப்ளைக்கு ஸ்டார், ரிலே 8.7"ன்னும், ஓடிட்டு இருக்கிறதோட மூடியில "காயில் 400, டெல்டா, ரிலே 8.05"ன்னும் எழுதினான். ஸ்பேரை ரீவைண்ட் பண்ணவங்க அதே டர்ன்ஸ் போட்டு அதே கனெக்‌ஷனுக்குத்தான் சுத்தினாங்களான்னு நான் கேட்டேன், ஏன்னா காயிலை மாத்தி சுத்திட்டா பழைய பிளேட்டுக்கு அர்த்தமே இல்ல. அவனுக்கு தெரியல. மார்க்கரை திரும்ப எடுத்து கீழ ஒரு வரி சேத்தான்: "முதல்ல ஸ்டார்ல நோ லோடு, 4 ஆம்ப்ஸ் கிட்ட வந்தா மட்டும் மாட்டு."